உதவித்தொகைப் பட்டியலுக்கு வயது கணக்கிட எந்த வழி?

விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தாயிற்று, பெயரும் பிறந்த தேதியும் எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ ஏற்றியாயிற்று, இனி வயது வரம்பை வைத்து வடிகட்ட வேண்டியதுதான் பாக்கி. இந்த இடத்தில்தான் ஆளுக்கொரு பார்முலா சொல்வார்கள். எல்லாப் பார்முலாவும் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரே விடையைத்தான் தரும், அதனால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். தவறு வருவதெல்லாம் விளிம்பில் நிற்கும் நான்கைந்து பேருக்கு. அந்த நான்கைந்து பேரில் ஒருவருக்குப் படிப்புச் செலவே இந்தப் பணத்தை நம்பி இருக்கலாம் என்பதால், கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

ஓர் அறக்கட்டளையின் விதியை எடுத்துக்கொள்கிறேன். 2026 ஜூலை 1 அன்று விண்ணப்பதாரருக்கு 18 வயது நிறைவடைந்திருக்க வேண்டும், 25 வயது நிறைவடைந்திருக்கக் கூடாது. அந்த ஜூலை 1-ஐ இங்கே தகுதி நாள் என்று சொல்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பார்முலாவுக்குள் `TODAY()` போட்டு வயது பார்க்காதீர்கள். இன்று சரிபார்த்த பட்டியல் அடுத்த வாரம் திறக்கும்போது வேறு பட்டியலாக இருக்கும், யாரை எதற்காக நீக்கினோம் என்று கேட்டால் பதில் இருக்காது. தகுதி நாளை `F1` செல்லில் எழுதி வைத்து, எல்லாக் கணக்கும் அதைப் பார்த்தே நடக்க வேண்டும்.

சரி, பிறந்த தேதி `C2`-ல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வழி: ஆண்டைக் கழிப்பது. `=YEAR($F$1)-YEAR(C2)`. 2026-லிருந்து 2008-ஐக் கழித்தால் 18. இந்தக் கணக்குக்கு மாதமும் நாளும் தெரியாது. 2008 டிசம்பர் 31-ல் பிறந்த பிள்ளைக்கு ஜூலை 1 அன்று பதினேழரை வயதுதான், ஆனால் இது 18 என்கிறது. தகுதி நாள் டிசம்பர் 31 ஆக இருந்தால் மட்டும் இது சரியாக வரும், மற்ற எந்த நாளுக்கும் வராது. இதற்கு மேல் இதைப் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, நாட்களை எண்ணி வகுப்பது. இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், பார்க்க அறிவியல்பூர்வமாகவும் இருக்கிறது. தகுதி நாளிலிருந்து பிறந்த தேதியைக் கழித்தால் எத்தனை நாட்கள் என்று வரும், அதை 365-ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது. லீப் ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காததால் இதில் வயது கூடிப்போகும். 18 ஆண்டுகளில் நான்கோ ஐந்தோ லீப் நாட்கள் வரும், ஆக 18 முடிய நான்கைந்து நாட்கள் இருக்கும்போதே முடிந்துவிட்டதாகக் காட்டிவிடும். மேல் வரம்பில் இதே பிழை ஆளை நீக்கிவிடும்: 2001 ஜூலை 2-ல் பிறந்தவருக்கு 25 முடிய இன்னும் ஒரு நாள் இருக்கிறது, இந்தக் கணக்கோ முடிந்துவிட்டது என்கிறது.

அதைச் சரிசெய்வதாக நினைத்து 365.25-ஆல் வகுக்கிறார்கள். இதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை, ஏனென்றால் இது சில ஆண்டுகளில் சரியாக இருந்துவிட்டுச் சில ஆண்டுகளில் தவறும். 18-ஐ 365.25-ஆல் பெருக்கினால் 6574.5 நாட்கள். அப்படி அரை நாளோடு முடியும் பதினெட்டு ஆண்டு எங்குமே கிடையாது, 6574 அல்லது 6575 நாட்கள்தான் இருக்கும். 2007 ஜூலை 1-க்கும் 2025 ஜூலை 1-க்கும் நடுவில் ஐந்து பிப்ரவரி 29 வந்தன, ஆக 6575 நாட்கள், வகுத்தால் 18-க்குச் சற்று மேல், விடை சரி. 2008 ஜூலை 1-லிருந்து 2026 ஜூலை 1 வரை எண்ணினால் 2012, 2016, 2020, 2024 என்று நான்கே பிப்ரவரி 29, ஆக 6574 நாட்கள், வகுத்தால் 17.998, முழு எண் 17. அன்றைக்குத்தான் 18 முடிகிறது, ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. போன ஆண்டு எல்லைத் தேதிகளை வைத்துச் சோதித்துச் சரி என்று முடிவு செய்த அதே ஷீட் இந்த ஆண்டு தவறாகச் சொல்கிறது, யாரும் எதையும் மாற்றாமலே.

மேல் வரம்பிலும் இதே கதைதான். 2001 ஜூலை 1-ல் பிறந்தவருக்குத் தகுதி நாளன்று 25 முடிகிறது, விதிப்படி அவர் வர முடியாது. 9131 நாட்களை 365.25-ஆல் வகுத்தால் 24.999 வருவதால் அவரை உள்ளே விட்டுவிடும்.

மூன்றாவது `YEARFRAC`. பெயரைப் பார்த்தால் இதற்காகவே செய்தது போல இருக்கும். உண்மையில் இது வட்டிக் கணக்குக்காக வந்த செயற்கூறு. கடைசி இடத்தில் எதுவும் எழுதாமல் விட்டால் மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று கணக்குப் போடும். ஆச்சரியம் என்னவென்றால், ஜூலை 1 போன்ற தகுதி நாளுக்கு இது பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் தகுதி நாள் மார்ச் 31 ஆக இருந்தால் தவறிவிடும். மாதத்தின் கடைசி நாளான 31-ஐ அது அடுத்த மாதம் முதல் தேதியாக எடுத்துக்கொள்வதால், 2008 ஏப்ரல் 1-ல் பிறந்தவருக்கு 2026 மார்ச் 31 அன்றே 18 முழுசாக முடிந்துவிட்டதாகச் சொல்லும். மார்ச் 31-ஐத் தகுதி நாளாக வைப்பதும் உண்டு என்பதால் இது ஏட்டளவில் நிற்கும் பிரச்சினை இல்லை. சரி, கடைசி இடத்தில் 1 போட்டு உண்மையான நாட்களை எண்ணச் சொன்னால்? அப்போது அது இடையிலுள்ள ஆண்டுகளின் சராசரி நீளத்தைக் கண்டுபிடித்து வகுக்கும், அதாவது 365.25-க்குப் பதில் இன்னொரு பின்ன எண். 2008 ஜூலை 1-ல் பிறந்தவருக்கு அதுவும் 17.998 என்றுதான் சொல்கிறது.

நான்காவது `DATEDIF`. இதுதான் வயதை நாம் மனதில் எண்ணுவது போலவே எண்ணுகிறது, பிறந்தநாள் வந்துவிட்டதா இல்லையா என்று பார்த்து முழு ஆண்டுகளை மட்டும் தருகிறது.

```
=DATEDIF(C2,$F$1,"Y")
```

எக்செலில் இதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினால் பட்டியலில் தானாக வந்து நிற்காது, லோட்டஸ் 1-2-3 காலத்து ஷீட்டுகள் ஓட வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் பழைய செயற்கூறு அது. முழுதாக எழுதினால் வேலை செய்யும். `"MD"` என்று போட்டு மீதி நாட்களைக் கேட்டால் தவறான விடை வரலாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. நமக்கு வேண்டியது `"Y"` மட்டும்தான், அதில் அந்தக் குழப்பம் இல்லை.

விளிம்பில் நிற்கும் நான்கு தேதிகளை வைத்து, 2026 ஜூலை 1 தகுதி நாளுக்கு ஒவ்வொரு வழியும் என்ன வயது சொல்கிறது என்று பாருங்கள்:

| பிறந்த தேதி | ஆண்டு கழித்தல் | 365.25 | YEARFRAC, 1 | DATEDIF |
|---|---|---|---|---|
| 01-07-2008 | 18 | 17 | 17 | 18 |
| 02-07-2008 | 18 | 17 | 17 | 17 |
| 01-07-2001 | 25 | 24 | 25 | 25 |
| 02-07-2001 | 25 | 24 | 24 | 24 |

கடைசிக் கட்டம்தான் நான்கிலும் சரி. உங்கள் ஷீட்டில் ஏற்கனவே ஒரு பார்முலா இருந்தால், அதையும் இப்படி எல்லையின் இரு பக்கத்துத் தேதிகளை வைத்துச் சோதித்துப் பாருங்கள், நடுவில் இருக்கும் நூறு பெயரைச் சரிபார்ப்பதால் எதுவும் தெரியாது.

கணினி கையில் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கமாக எழுதிக் கழிப்பது. 20260701-லிருந்து 20080702-ஐக் கழித்தால் 179999. கடைசி நான்கு இலக்கத்தைத் தள்ளிவிட்டால் 17. அதே 20080701 என்றால் 180000, அதாவது 18. போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம், எப்போதும் `DATEDIF` சொல்லும் விடையேதான் வரும். விண்ணப்பதாரர் நேரில் வந்து ஏன் என் பெயர் இல்லை என்று கேட்டால், அவர் கண் முன்னாலேயே காட்டிப் புரியவைக்கவும் இது உதவும்.

அப்படியானால் `DATEDIF`-ஐயே வைத்துக்கொள்ளலாமே என்றால், வயதைக் காட்டும் கட்டத்துக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தகுதியை முடிவு செய்ய நான் ஐந்தாவது வழியைத்தான் சொல்வேன்: வயதைக் கணக்கிடவே வேண்டாம். விதியை இரண்டு பிறந்த தேதிகளாக மாற்றிவிடுங்கள். 18 முடிந்திருக்க வேண்டும் என்றால் 2008 ஜூலை 1 அல்லது அதற்கு முன் பிறந்திருக்க வேண்டும். 25 முடிந்திருக்கக் கூடாது என்றால் 2001 ஜூலை 2 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான், வகுத்தலும் இல்லை, லீப் ஆண்டும் இல்லை. `H1`-ல் முன்தேதியான 2001 ஜூலை 2, `H2`-ல் பின்தேதியான 2008 ஜூலை 1 எழுதிவிட்டு ஒப்பிட்டால் போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு அறிவிப்பில் இப்படித்தான் இருக்கும். 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு, ஆகஸ்ட் 1 அன்று 21 வயது நிறைவடைந்திருக்க வேண்டும், 32 நிறைவடைந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதாவது 1992 ஆகஸ்ட் 2-க்கு முன்பாகவோ 2003 ஆகஸ்ட் 1-க்குப் பின்பாகவோ பிறந்திருக்கக் கூடாது என்று தேதியையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். ஏன் அப்படி வெளிப்படையாக எழுத வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

ஒருவருக்கு ஒரு வயது எந்த நாளில் நிறைவடைகிறது? பிறந்தநாளன்று என்றுதான் எல்லோரும் சொல்வோம். 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டமும் பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கும்போது ஒருவர் வயதுவந்தவர் ஆகிறார் என்கிறது. ஆனால் 1986-ல் பிரபு தயாள் செஸ்மா எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி எண்ணியது. அவர் பிறந்தது 1956 ஜனவரி 2. 1984 ஜனவரி 1 அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது வேலைக்கான விதி. மறுநாள்தானே 28-வது பிறந்தநாள், ஆகவே நான் தகுதியானவன் என்பது அவர் தரப்பு. நீதிமன்றமோ, பிறந்த நாளையே ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ண வேண்டும், அப்படி எண்ணினால் ஜனவரி 1 முடியும்போதே 28 ஆண்டு முழுமையாகிவிடுகிறது, ஆக ஒரு வயது நிறைவடைவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் என்று சொன்னது. ஒரே ஒரு நாளில் அவருக்கு வாய்ப்புப் போயிற்று. அரசு ஊழியர்களில் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் அதற்கு முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வுபெறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்தக் கணக்கை ஒட்டியதே.

இப்போது நம் விதிக்கு வருவோம். 2008 ஜூலை 2-ல் பிறந்தவர் இந்த எண்ணிக்கைப்படி ஜூலை 1 அன்றே 18-ஐ நிறைவு செய்துவிடுகிறார். `DATEDIF` அவரை 17 என்கிறது. இரண்டு பக்கமும் ஆதாரம் காட்டலாம், எந்தப் பார்முலாவும் இதைத் தீர்த்துவைக்காது. விதியை எழுதியவர்கள்தான் தீர்க்க வேண்டும், தேதியைப் போட்டுவிட்டால் தீர்ந்துவிடும். யூபிஎஸ்சி அறிவிப்பை மறுபடி பாருங்கள்: 1992 ஆகஸ்ட் 2-ல் பிறந்தவர் செஸ்மா கணக்குப்படி 2024 ஆகஸ்ட் 1 அன்று 32-ஐ எட்டிவிட்டவர், ஆனால் தேதியை வெளிப்படையாக எழுதியதால் அவருக்கு அங்கே இடம் உண்டு, வாதத்துக்கே வேலையில்லை. உங்கள் அறக்கட்டளை வழக்கமான பிறந்தநாள் கணக்கை வைத்துக்கொண்டால் நான் மேலே சொன்ன தேதிகள், நீதிமன்றக் கணக்கை எடுத்தால் இரண்டும் ஒவ்வொரு நாள் தள்ளி, 2008 ஜூலை 2, 2001 ஜூலை 3 என்று ஆகும். எதை எடுத்தாலும் சரி, விண்ணப்பம் கோரும் முன்பே அச்சில் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் வந்த பிறகு, எல்லையில் யார் நிற்கிறார் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வது நியாயமில்லை.

இதைவிடப் பரவலான ஒரு குழப்பம் "25 வயதுக்கு மிகாமல்" என்ற சொற்றொடரில் இருக்கிறது. 25 வயது 4 மாதம் ஆனவர் மிகுந்துவிட்டாரா இல்லையா? `DATEDIF` அவருக்கு 25 என்று காட்டும், `<=25` என்று எழுதியவர் அவரைச் சேர்த்துவிடுவார், `<25` என்று எழுதியவர் நீக்கிவிடுவார். இங்கே ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஓராண்டுக்குள் பிறந்த அத்தனை பேரும் உள்ளேயோ வெளியேயோ போகிறார்கள். முன்தேதியை எழுத உட்காரும்போது 2001 ஜூலை 2 எழுதுவதா 2000 ஜூலை 2 எழுதுவதா என்று கை நிற்கும், அப்போதே பொறுப்பாளரிடம் கேட்டுவிடலாம். வயதைக் கணக்கிடும் பார்முலாவில் அந்தக் கேள்வி `<=` குறிக்குள் ஒளிந்துகொள்கிறது.

தேதி ஒப்பீட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் பாதிதான். அது பிழைச் செய்தி காட்டாது. பிறந்த தேதி உண்மையான தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாக செல்லில் உட்கார்ந்திருந்தால், எக்செல் எந்த எழுத்தையும் எந்த எண்ணைவிடவும் பெரியதாகவே எடுத்துக்கொள்ளும், ஆகவே அந்த மாணவர் பின்தேதிக்குப் பிறகு பிறந்தவர் போலச் சத்தமில்லாமல் நீங்கிவிடுவார். காலியான செல்லோ பூஜ்யம், மிகப் பழைய தேதி, அதுவும் நீங்கிவிடும். (`DATEDIF`-இல் காலி செல்லுக்கு 126 வயது என்று வரும், அது கண்ணில் படுவதாவது ஒரு நன்மை.) எனவே முதலில் இது தேதிதானா என்று கேட்டுவிட்டே ஒப்பிட வேண்டும்:

```
=IF(NOT(ISNUMBER(C2)),"தேதியைப் பார்",
 IF(AND(C2>=$H$1,C2<=$H$2),"தகுதி","இல்லை"))
```

தேதி எப்படி எழுத்தாகிறது என்றால், பெரும்பாலும் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருப்பதால். 25/08/2008 என்று வந்தால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்று அது எழுத்தாகவே நின்றுவிடும். இது பரவாயில்லை, மேலே உள்ள பார்முலா பிடித்துவிடும். ஆபத்து 05/08/2008-ல் இருக்கிறது, ஆகஸ்ட் 5 என்று மாணவர் எழுதியதை அது மே 8 என்று ஏற்றுக்கொள்ளும், நம் விதியில் தகுதியில்லாதவர் தகுதியாகிவிடுவார், எந்த எச்சரிக்கையும் வராது. கண்டுபிடிப்பது எளிது. தேதிக் கட்டத்தில் சில இடப்பக்கம் ஒட்டியும் சில வலப்பக்கம் ஒட்டியும் நிற்கும், இடப்பக்கம் நிற்பவை எழுத்து. வலப்பக்கம் நிற்பவற்றுக்குப் பக்கத்தில் `=DAY(C2)` போட்டுப் பாருங்கள், ஒன்றுகூட 12-ஐத் தாண்டவில்லை என்றால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று அர்த்தம். அந்த நிலையில் செல்களின் தோற்றத்தை மாற்றிப் பயனில்லை, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். கூகுள் ஷீட்டில் முதலில் `File > Settings`-ல் வட்டாரத்தை இந்தியா என்று மாற்றிவிட்டு ஏற்றலாம், எக்செலில் தேதிக் கட்டத்தை முதலில் `Text` என்று வைத்து ஒட்டிவிட்டு, `Text to Columns` வழியாக `DMY` தேர்ந்தெடுத்துத் தேதியாக்கலாம்.

பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களைப் பற்றி எப்போதும் ஒரு கேள்வி வரும். தகுதி நாள் பிப்ரவரி 28 ஆக இருந்தால்தான் அது கேள்வி. அப்போது `DATEDIF` வயது நிறைவடைய மார்ச் 1 வரை காத்திருக்கும், 18 ஆண்டுகளை மாதங்களாக்கி `EDATE`-இல் கூட்டினாலோ பிப்ரவரி 28-லேயே போய் நிற்கும். தகுதி நாள் ஜூலை 1 என்றால் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான்.

எல்லாம் முடிந்ததும் பட்டியலைப் பிறந்த தேதி வரிசையில் அடுக்குங்கள். `H1`, `H2` இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு வாரத்துக்குள் விழுகிறவர்களை மட்டும் எடுத்து, அவர்களின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத் திறந்து தேதியை ஒப்பிடுங்கள், ஆதாரில் ஒன்றும் சான்றிதழில் ஒன்றும் இருந்தால் எதை ஏற்பது என்பதையும் அறிவிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். அறிவிப்பு வாசகம் இப்படி இருந்தால் போதும்: "விண்ணப்பதாரர் 02-07-2001 அன்றோ அதற்குப் பின்போ, 01-07-2008 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியே ஏற்கப்படும்." அடுத்த ஆண்டு இதில் இரண்டு ஆண்டு எண்களையும், ஷீட்டில் `F1`, `H1`, `H2` மூன்று செல்களையும் மாற்றினால் ஆயிற்று.